ஊரைவிடப் பெரிய எண்

என் பிறந்த நாளன்று திண்டிவனத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பிறந்த நாள். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர், பூக்காரம்மா, ஓய்வு பெற்ற ஒரு ஏட்டு, நாதஸ்வரக்காரர் ஒருவரும் அவருடைய மாமியாரும், எல்லோரும் நான் பிறந்த அதே வருஷம் அதே தேதியில் பிறந்தவர்கள். அவர்களை அப்படிப் பிறக்க வைத்தவன் நான்தான்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒன்பது வருஷம் செல்போன் கடை வைத்திருந்தேன். புதுப் போன் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு, "தம்பி, அந்த போட்டோ பாக்கற ஆப்பப் போட்டுக் குடுத்துடு" என்பார்கள். பழைய கணக்கு இருக்கிறதே என்றால் பாஸ்வேர்டு தெரியாது. எந்த நம்பரில் திறந்தது என்றால் அந்த சிம் தொலைந்து வருஷமாயிருக்கும். அதை மீட்பதற்குள் அரை நாள் போய்விடும். புதுக் கணக்கு என்றால் இரண்டு நிமிஷம். பிறந்த தேதி கேட்கும். பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் ஆதார் அட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நான் என் தேதியைப் போட்டுவிடுவேன். மறந்தாலும் என்னிடம்தானே வருவார்கள், எனக்கு நினைவிருக்கும். கடைச் சுவரில் ஒட்டியிருந்த அருவிப் படத்துக்கு முன்னால் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தால் வேலை முடிந்தது. பழைய கணக்கை மூட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இப்படி ஒரே ஆள் இரண்டு ஆளாகி, சிலர் மூன்றுமாகி என் கடைப் படியிறங்கிப் போனார்கள்.

கொரோனா வந்து கடையை மூடிய பிறகு விளம்பர வேலைக்கு வந்தேன். மயிலம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், மின்விசிறி. ஜவுளிக்கடை, பல் டாக்டர், நர்சிங் பயிற்சி நிலையம் என்று உள்ளூர்க்காரர்களின் விளம்பரங்களை அதே ஆப்பில் போட்டுக் கொடுப்பேன். விளம்பரம் போடும் பக்கத்தில் ஊரின் பெயரைக் கொடுத்தால் வரைபடத்தில் ஒரு வட்டம் விழும். வயது, ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்தால், இந்த விளம்பரத்தை இத்தனை பேருக்குக் காட்ட வாய்ப்பு உண்டு என்று வலது பக்கம் ஓர் எண் வரும். முதல் தடவை திண்டிவனத்தைக் கொடுத்தபோது வந்த எண் திண்டிவனத்தில் இருக்கிற மொத்த ஜனத்தைவிட அதிகம். கைக்குழந்தையிலிருந்து கட்டிலோடு கிடக்கிற கிழவர்வரை சேர்த்தாலும் அவ்வளவு வராது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பை விட்டு அதையே பேசி வாடிக்கையாளர் பிடித்தேன். "ஊர்ல இருக்கறவங்களவிட ஜாஸ்தி பேருக்குக் காட்றேன் சார்." இப்படிப் பேசுகிறவனை என் அம்மா வாயாலேயே வடை சுடுகிறவன் என்பாள். சரியாகத்தான் சொன்னாள்.

அந்த அக்கா என் அறைக்கு வந்தது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில். ஸ்கூல் யூனிபாரம் தைக்கிறவர். முந்தானையில் ஊசி குத்தி வைத்தபடியே படியேறி வந்திருந்தார். அவருடைய வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். சென்ட்ரிங் வேலைக்காரர், என் பழைய வாடிக்கையாளர், அதிகம் பேசமாட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் வேலை என்று காலை பஸ்ஸில் கிளம்பியவர் திரும்பவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள், போன் அன்றைக்கு அணைந்தது அணைந்ததுதான். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. எனக்குத் தெரியாத ஒன்றை அன்றைக்கு அக்கா சொன்னார்.

"தம்பி, அவரு உசுரோடதான் இருக்காரு. நான் தெனம் காலையில அந்த ஆப்புல பேசி அனுப்பறேன். அவரு கேக்கறாரு. பதிலு மட்டும் பேசறதில்ல."

போனை என் முன்னால் நீட்டினார். விரலால் தள்ளத் தள்ள அவர் பேசி அனுப்பிய குரல் பதிவுகளாகவே வந்துகொண்டிருந்தன. மூன்று வருஷத்துக் காலைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே வீட்டுக்காரரின் படம் குட்டி வட்டமாக விழுந்திருந்தது. கேட்டாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வட்டத்துக்குள் அவர் என் கடையின் அருவிக்கு முன்னால் நின்றிருந்தார். எனக்கு முதுகு சில்லிட்டது. பட்டப்பகல், கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்குச் சில்லிட்டது.

"கால் பண்ணிப் பாத்தீங்களா அக்கா?"

"பண்ணா எடுக்கமாட்றாரு. என்ன கோவமோ."

அக்காவுக்கு அவசரம் ஒன்று இருந்தது. கல்லறைத் திருநாள் வருகிறது. செத்தவர்களின் கல்லறைக்குப் பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்றும் நாள். வீட்டுக்காரரின் அண்ணன்மார் இந்த வருஷம் விடமாட்டோம் என்கிறார்களாம். கல்லறை இல்லாவிட்டால் என்ன, கல்லறைத் தோட்டத்து நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் ஏற்றலாம், பூசைக்கும் பேர் கொடுக்கலாம், எத்தனை நாள் இப்படி இழுத்துக்கொண்டிருப்பது என்கிறார்களாம்.

"உசுரோட இருக்கற ஆளுக்கு மெழுகுவத்தி ஏத்தச் சொல்றாங்க தம்பி. அதுக்குள்ள அவரு எங்க இருக்காருன்னு கண்டுபுடிச்சிக் காட்டணும். நீதான் ஊரு பூரா காட்டுவியாமே."

அவருடைய போட்டோவைப் போட்டு, காணவில்லை என்று எழுதி, திண்டிவனத்துக்கு ஒரு வட்டம், விழுப்புரத்துக்கு ஒரு வட்டம் போட்டேன். வலது பக்கம் எண் வந்தது. இரண்டு ஊர் ஜனத்தொகையையும் கூட்டினால் வருவதைவிடப் பெரிய எண். அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தினி பேரு பாப்பாங்களா?"

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த எண் பார்ப்பவர்களின் எண் அல்ல, காட்ட வாய்ப்புள்ள கணக்குகளின் உத்தேசம். அதில் ஒரு பங்குக்குத்தான் போகும். போனாலும் விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்களே அதிகம். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் என் வாய் பழகிய வாய்.

"ஊர்ல ஒருத்தர் பாக்கி இருக்கமாட்டாங்க அக்கா" என்றேன்.

நான்கு நாள் ஓடியது. ஒரு போன் வரவில்லை. அக்கா தினம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படியேறி வந்து ஸ்டூலில் உட்காருவார். "ஊரு பூரா பாத்தாச்சி. ஒருத்தருக்கும் தெரியலன்னா?" என்று கேட்டுவிட்டு, தானே, "தெரிஞ்சவங்க சொல்லாம இருக்காங்க" என்பார். நாளாக ஆக அவர் முகம் மாறியது. ரோட்டில் போகிற ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு மறைக்கிறார்கள் என்று நினைக்க ஆரம்பித்திருந்தார். காய்கறிக்காரியிடம் சண்டை போட்டாராம். நீயும்தானே பார்த்தே, ஏன் சொல்லமாட்டேன்கிறே என்று. அதைக் கேட்டபோது நான் சொன்ன ஒரு வாக்கியம் எங்கெங்கே போய் நிற்கிறது என்று புரிந்தது.

ஐந்தாம் நாள் விளம்பரத்துக்கு ஒரு லைக் வந்தது. காணாமல் போனவரின் கணக்கிலிருந்து.

தன்னைக் காணவில்லை என்று போட்ட விளம்பரத்துக்குத் தானே கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அரைமணி நேரத்தில் அக்கா ஓடி வந்தார். அவருடைய போனிலும் அது தெரிந்திருந்தது. அழவில்லை, சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாத்தியா? பாத்துட்டாரு. நான் தேடிக்கினு இருக்கேன்னு தெரிஞ்சிடுச்சி. இனிமே வந்துருவாரு. அவங்க அண்ணனாண்ட போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

அன்று சாயங்காலம் ஜவுளிக்கடையில் எனக்கு வேலை இருந்தது. தீபாவளித் தள்ளுபடி விளம்பரம், அதே இரண்டு ஊருக்கும். முதலாளி என் லேப்டாப்பில் அந்த எண்ணைப் பார்த்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏம்பா, ரெண்டு ஊருலயும் சேத்து இத்தினி பேரு ஏதுப்பா? ஆடு மாட்டையும் சேத்து எண்ணிட்டியா?"

கடைப் பையன்களும் பெண்களும் சிரித்தார்கள். மற்ற நாளாயிருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். அன்றைக்கு லைக்கின் நினைப்பு மனசைப் பிசைந்துகொண்டிருந்தது. ஒழுங்காகச் சொல்லித் தொலைப்போம் என்று சொன்னேன். வட்டம் ஊரோடு நிற்பதில்லை, சுற்றுப்பட்டுக் கிராமங்களையும் அள்ளிக்கொள்ளும். சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் போகிற பஸ்ஸெல்லாம் நம் ஊரில் நின்று போகிறது, டீ குடிக்க இறங்கியவனையும் அண்மையில் இங்கே இருந்தவன் என்று சேர்த்துக்கொள்ளும். சென்னையில் குடியிருந்துகொண்டு ஊர் திண்டிவனம் என்று எழுதி வைத்திருப்பவன் உண்டு. பதிமூன்று வயதுப் பிள்ளை இருபது என்று பொய் வயது கொடுத்து உள்ளே வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது எண்ணுவது ஆட்களை அல்ல, கணக்குகளை. ஒருத்தருக்கு இரண்டு கணக்கு இருந்து, இரண்டும் ஒரே ஆளுடையது என்று அதற்குத் தெரியாவிட்டால், இரண்டு ஆளாகத்தான் எண்ணும். இது ஜனத்தொகைக் கணக்கோடு பொருந்தாது என்று அவர்களே ஒரு மூலையில் எழுதியும் வைத்திருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்.

"அப்ப என் கடை வெளம்பரத்த ஒரே ஆளு ரெண்டு தபா பாத்துட்டு ரெண்டு ஆளுன்னு கணக்கு வருமா?"

"ஆமாங்க மொதலாளி. பாத்த ஜனம் கொறச்சலா இருக்கும். ஒவ்வொருத்தரும் பாத்த தடவ ஜாஸ்தியா இருக்கும்."

"நம்பவே முடியல."

"இங்கயே எண்ணிப் பாக்கலாங்க."

கடையில் வேலை செய்கிறவர்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு எத்தனை கணக்கு என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்கள். பாஸ்வேர்டு மறந்தது ஒன்று, வீட்டுக்குத் தெரியாமல் ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. கூட்டினால் இருபத்தொன்பது வந்தது. முதலாளி வாயைப் பிளந்தார். நான் வெற்றிப் புன்னகையோடு இன்னொரு விஷயத்தையும் சொன்னேன். மூடிக் கிடக்கிற கணக்கை அது பெரும்பாலும் எண்ணாது. அண்மையில் யாராவது திறந்திருந்தால்தான் எண்ணும். செத்துப்போனவர் கணக்கு அப்படியே கிடந்தால் சில காலத்தில் எண்ணிலிருந்து விழுந்துவிடும்.

அப்போது சுடிதார் பிரிவில் நிற்கிற ஒரு பெண் சொன்னாள்.

"என்னோட பழைய கணக்கு தெறந்துதான் சார் இருக்கு. போனை எங்க அத்தைக்குக் குடுத்துட்டேன். அத்தை என் பேர்லயே உள்ள போய்க்கினு வீடியோ பாக்குது. என் பிரெண்டுங்க நான்னு நெனச்சிக்கினு அதாண்ட பேசிடுவாங்க. ஒரே பேஜாரு."

எல்லோரும் சிரித்தார்கள். லேப்டாப்பை மூடிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து தேடினேன். அக்கா வீட்டுக்காரர் பெயரில் இரண்டு கணக்கு. இரண்டிலும் என் பிறந்த தேதி. இரண்டிலும் அருவி. ஒன்றில் கறுப்பு மீசை, இன்னொன்றில் கொஞ்சம் நரை. இரண்டு தடவையும் போட்டோ எடுத்தவன் நான். நரை மீசைக் கணக்கில் அவர் காணாமல் போன வாரத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கறுப்பு மீசைக் கணக்குதான் லைக் போட்டது. அக்கா பேசி அனுப்புவதும் அதற்குத்தான். புதுக் கணக்கு ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், ஆப்பில் பேசிக்கொள்ள என்ன அவசியம்.

பிறகு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. மூலை உடைந்த பழைய போனைக் கொடுத்துவிட்டு வேறு போன் எடுத்தார். பாஸ்வேர்டு தெரியவில்லை. அந்தப் போனிலேயே கணக்கு திறந்துதான் இருக்கிறது, மாற்றிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கை பழக்கத்தில் புதுக் கணக்கைத் திறந்தது. பழைய போனைக் கண்ணாடிப் பெட்டியில் விற்பனைக்கு வைத்தேன். விற்கும் முன் முழுக்க அழிக்க வேண்டும். அழித்தால் போன் பழைய ஆளின் மெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும், அதைச் சரிசெய்ய மணிக்கணக்காகும். அதனால் நான் போட்டோக்களை மட்டும் அழித்து, சிம்மைக் கழற்றிவிட்டு விற்பேன். எத்தனையோ போன்களை அப்படித்தான் விற்றேன். அவர்கள் எல்லோரும் இப்போது எங்கெங்கோ, யார் யார் கையிலோ திறந்து கிடக்கிறார்கள். ஊரைவிடப் பெரிய அந்த எண்ணுக்குள் நான் விற்ற ஆட்களும் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தக் கணக்குக்கு ஆப்பிலேயே கால் செய்தேன். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தார்கள். "ஹலோ" என்றது ஒரு வயதான குரல். அவருடைய குரல் இல்லை. இருக்காது என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன், இருந்தும் அந்த ஒரு நொடி நான் எதையோ எதிர்பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் நெஞ்சு அப்படி இறங்கியிருக்காது.

எடுத்தவர் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாட்ச்மேன். சொந்த ஊர் காணைப் பக்கம். அன்றே பஸ் ஏறிப் போனேன். மண்டபத்து கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அந்தப் போன். மூலை உடைந்த இடத்தில் செல்லோ டேப் சுற்றியிருந்தது. திண்டிவனத்தில் மகள் வீட்டுக்கு வந்தபோது வாங்கியதாகச் சொன்னார். என் முகம் அவருக்கு நினைவில்லை. போனைப் பார்த்ததும் எனக்குத்தான் அவர் முகம் லேசாக நினைவுக்கு வந்தது.

"படிக்கத் தெரியாது சார். படம் பாப்பேன், வீடியோ பாப்பேன். யாரு எது போட்டாலும் இந்தக் கட்ட வெரல அமுத்திடுவேன். பாவம், போட்டவங்களுக்கு ஒரு சந்தோசம்."

"அந்தப் படத்துல இருக்கறது உங்க போன் பழைய சொந்தக்காரரு, தெரியுமா?"

"அருவியாண்ட நிக்கறவரா? அது போனோட வர்ற படம்னு நெனச்சேன்."

குரல் பதிவுகளைப் பற்றிக் கேட்டேன். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு பொம்பள பேசும் சார். காலையில ஏழு மணிக்கு வந்துரும். டீ வாங்கிக்கினு வந்து உக்காந்து கேப்பேன். சாப்ட்டியாங்கும். மழை பேஞ்சா நனையாத போங்கும். ஆட்டோக்காரன் துணி மூட்டைய நனைச்சிட்டான்னு திட்டும். யாருக்கோ வர வேண்டியது தப்பா வருதுன்னு மொத நாளே தெரிஞ்சிடுச்சி."

"சொல்லியிருக்கலாமேங்க, தப்பா வருதுன்னு."

"சொன்னா பேசாதுல்ல. அதான் அது கால் பண்ணாகூட எடுக்கறதில்ல" என்றார். "எம்பொண்டாட்டி போய் எட்டு வருசமாவுது. சாப்ட்டியான்னு யாரு கேக்கறா."

நான் யார், அந்த அக்கா யார், அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் கேட்டதாலதான் அந்த அம்மா அவரு இருக்காருன்னு நெனச்சிக்கினு இருக்குதா? நான் பாவம் பண்ணிட்டனா சார்?" என்று கேட்டார். பண்ணியது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை வாங்கி அந்தக் கணக்கை அங்கேயே மூடியிருக்கலாம். கை போனது. மூடினால் நாளைக் காலை ஏழு மணிக்கு அக்காவுக்கு வட்டம் விழாது. காரணம் தெரியாமலே ஒரு சாவு நடந்துவிடும். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எதுவும் என்று பஸ் ஏறினேன்.

சொல்லக் கூடாது என்றும் அந்த பஸ்ஸில் நினைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? அவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார். மயிலம் தாண்டும் வரை அதுதான் சரி என்று தோன்றியது. பிறகு காய்கறிக்காரியோடு போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. நாளைக்கு அந்த அண்ணன்மாரோடு நடக்கப் போவது. வராத மனிதனுக்காக வாசலைப் பார்த்து உட்காரப் போவது. இன்னொரு பொய்யை என்னால் தாங்க முடியாது.

கல்லறைத் திருநாளன்று காலை அக்கா வீட்டுக்குப் போனேன். தையல் மிஷின்மேல் ஒரு மெழுகுவத்தி பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. அண்ணன்மார் கொடுத்துவிட்டுப் போனதாம். "தூக்கிக் கடாசறதா, வீட்டுக்கு வெச்சிக்கறதான்னு பாக்கறேன். கரண்டு போனா ஆவும்" என்று சிரித்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கணக்கு, நான் அழிக்காமல் விற்ற போன், மண்டபம், வாட்ச்மேன், ஏழு மணி டீ. ஒன்றையும் விடவில்லை.

அவர் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் நிமிர்ந்தார்.

"அப்ப மூணு வருசமா நான் பேசனத கேட்டுக்கினு இருந்தது யாரோ ஒரு கெழவன்."

"ஆமாக்கா."

"நீ வித்த போன்ல."

"ஆமாக்கா."

அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தினார். தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார். "ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லன்னு சொன்னியேடா. அத நம்பி ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினு நடந்தனேடா. இவனும் பாத்துட்டான், இவளும் பாத்துட்டா, எல்லாரும் சேந்து மறைக்கறாங்கன்னு பைத்தியமா அலைஞ்சனேடா." அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த எண் பார்த்தவர்களின் எண் இல்லை அக்கா, அது ஆட்களே இல்லை, உங்கள் விளம்பரம் போனது அதில் கொஞ்சம் கணக்குகளுக்குத்தான், அதிலும் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கும், இரண்டு ஊரிலும் பாதிப் பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே என் தொழிலின்மேல் நானே மண்ணள்ளிப் போடுவது போலிருந்தது.

அவர் கத்துவது நின்றது.

"பாக்கலியா?"

"இல்லக்கா."

"அப்ப இன்னும் பாக்காதவங்கதான் ஜாஸ்தி."

நான் தலையாட்டினேன். அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு கணக்கு இருக்குன்னியே. அவரு கடைசியா வெச்சிக்கினு இருந்தது. அதக் காட்டு."

காட்டினேன். நரை மீசையைப் பெரிதாக்கிப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருப்பதைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். அந்தக் கணக்கை யாரும் திறப்பதில்லை, அனுப்பினால் போய்ச் சேராது, வட்டம் விழாது என்று சொன்னேன். எந்த எண்ணிலும் அவர் இப்போது இல்லை என்பதைச் சொல்லவில்லை. அக்காவுக்குப் புரிந்திருந்தது.

"விழலன்னா போவுது. இது அவருதானே."

பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பேசினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அனுப்பியதும் கீழே ஒரு வெற்று வளையம் வந்தது. நாங்கள் இருவரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மெழுகுவத்திப் பாக்கெட்டை எடுத்து மிஷின் மேசையின் டிராயருக்குள் போட்டு மூடினார்.

வாட்ச்மேன் அடுத்த வாரம் தானே பஸ் ஏறி வந்து, அந்தக் கணக்கை மூடிக் கொடுக்கச் சொன்னார். மூடினேன். அதற்குப் பிறகு பலமுறை இரண்டு வட்டங்களையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். எண் ஒன்றுகூடக் குறையவில்லை. உருட்டி முழுசாக்கிக் காட்டும் உத்தேசம் அது, ஒருவர் போனால் அதற்குத் தெரியாது. அக்காவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் காகிதத்தில் அச்சடித்த படத்தை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் நிலையத்தில் ஒவ்வொரு ஆளாகக் காட்டுகிறோம். கேட்டவர்களை அவர் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறார். போன வாரம் ஒருவரிடம் படத்தை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "இவரப் போன மாசமே கேட்டாச்சி தம்பி. ரெண்டு தபா எண்ணாத."